திறப்பைக் கொடுக்க முதல் வீட்டைச் சேர்ந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, கொக்குவிலில் ஒரு வீட்டில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். இந்த ஜனவரி முடிவில் வெளிக்கிடுகிறோம். ஒரு மாத அறிவித்தலும் எழுத்தில் கொடுத்துவிட்டோம். வாடகை 30,000 ரூபா, அட்வான்ஸ் 180,000 ரூபா. வீட்டுக்கார அண்ணை கனடாவில் இருக்கிறார். இங்கே அவருடைய அக்காதான் வீட்டைப் பார்க்கிறா. எங்களுக்கு முதல் இருந்தவர்கள் போனபிறகு, பெயின்ற் அடிக்கவும் மோட்டர் திருத்தவும் என்று சொல்லி அட்வான்சில் பாதிக்கு மேல் கழித்தார்களாம். எங்கள் மகனும் அறைச் சுவரில் கீறி வைத்திருக்கிறான், பாத்ரூம் பேசினும் வெடித்திருக்கிறது. போகமுதலே எல்லோரும் சேர்ந்து பார்த்து, எவ்வளவு கழிப்பது என்று முடிவெடுக்கக் கேட்கலாமா? மனக்கசப்பு வராமல் எப்படிக் கேட்பது? — வாசகி, கொக்குவில்

பதில்:

கேட்கலாம். ஆனால் கடைசி நாள்வரை வைத்திருக்காமல், வெளிக்கிடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே வீட்டைப் பார்க்கிற மாதிரிக் கேளுங்கள். கடைசி நாளன்று பார்த்தால் குறைகளை எண்ணலாமே தவிர, திருத்துவதற்கு நேரம் இராது. இரண்டு கிழமை இருந்தால், நீங்களே ஒரு மேசனையோ தச்சரையோ பிடித்து உங்கள் செலவில் சரிசெய்துவிடலாம். வீட்டுக்காரர் பிறகு ஆள் பிடித்துச் செய்யும் அதே வேலை, கணக்கில் வரும்போது பெரும்பாலும் கூடுதலாகவே வரும். தூரத்தில் இருப்பவருக்கு விலை விசாரித்து ஆள் தேடப் பொழுதில்லை. முதலில் அகப்பட்டவர் சொன்ன தொகையைத்தான் அவர் உங்களுக்குச் சொல்லுவார்.

திறப்பு கைமாறிய பிறகு உங்கள் நிலை வேறு. பணம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது, அன்றோடு வீடும் அவர்களிடம் போய்விடும். அடுத்த குடும்பம் வர முதல் பெயின்ற்காரர் வந்துவிட்டால் சுவர் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியும் அழிந்துவிடும். அக்கா கிட்டப் பிடித்து எடுத்து அனுப்பும் படத்தில் மயிரிழை வெடிப்பும் பள்ளத்தாக்கு மாதிரித் தெரியும். அதைக் கனடாவில் இருந்து பார்ப்பவர் கோபப்படுவதில் ஆச்சரியமில்லை. முதல் இருந்தவர்களுக்கு உண்மையில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது, ஆனால் இப்படியான சண்டைகளில் இரு பக்கமும் பொய் சொல்லாமலேயே சண்டை பிடிப்பதுதான் வழமை. ஒரே சுவரை இரண்டு பேரும் ஒரே நாளில் ஒன்றாக நின்று பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகை வீடு விடயத்தில் இலங்கையில் அடிப்படையாக நிற்பது ரோமன் டச்சுச் சட்டம். வீட்டை எந்த நிலையில் எடுத்தீர்களோ அந்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நியாயமான பாவனையால் வந்த தேய்மானத்துக்கு வாடகைக்கு இருந்தவர் பொறுப்பில்லை. இதே சட்டத்தைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவில், 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், குத்தகை முடிவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இரு பகுதியும் சேர்ந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்கிறது. வீட்டுக்காரர் அப்படிப் பார்க்கத் தவறினால், வீடு நல்ல நிலையில் இருந்ததாகவே கொள்ளப்படும், பிறகு அவர் சேதம் கேட்க முடியாது. இங்கே அதை நீங்கள் பேசி, எழுதி உருவாக்கிக்கொள்ள வேண்டும். முதலில் உங்கள் உடன்படிக்கையை எடுத்து, வீட்டை ஒப்படைப்பது பற்றிய வரிகளை வாசியுங்கள். "வெளியேறும்போது பெயின்ற் அடித்துக் கொடுக்க வேண்டும்" என்று ஒரு வரி அதில் இருந்தால், நான் கீழே சொல்லும் பெயின்ற் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இனி, யாரிடம் கேட்பது என்பதுதான் உங்கள் விடயத்தில் முக்கியம். பார்க்கப் போகும் கண் அக்காவுடையது, முடிவு சொல்லும் வாய் அண்ணையுடையது. அக்காவிடம் மட்டும் பேசினால், எல்லாம் பார்த்து முடிந்த பிறகு "தம்பியிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்று அந்தரத்தில் நிற்கும். அண்ணையிடம் மட்டும் பேசினால், "எனக்குச் சொல்லாமல் ஒழுங்கு பண்ணிட்டினம்" என்று அக்காவுக்கு மனம் கோணும். ஆகவே இரண்டு பேரும் இருக்கிற ஒரு வட்ஸ்அப் குழுவை உருவாக்கி, ஒரே செய்தியை இருவருக்கும் ஒன்றாகப் போடுங்கள். போட முதல் அக்கா வீட்டுக்கு ஒருக்கால் நேரில் போய், "இப்படி ஒரு மெசேஜ் போடப்போறம் அக்கா" என்று சொல்லிவிடுங்கள். செய்தி இப்படி இருக்கலாம்:

"அண்ணை, அக்கா, வணக்கம். நாங்கள் 31ஆம் திகதி வீட்டை ஒப்படைக்கிறோம். மூன்று வருடம் இருந்த வீடு, ஒரு குறையும் வைக்காமல் தர விரும்புகிறோம். எங்களால் வந்த சேதம் இரண்டு தெரியும்: சின்ன அறைச் சுவரில் மகன் கீறியது, பாத்ரூம் பேசினில் வெடிப்பு. வேறு ஏதும் இருக்கிறதா என்று பொங்கல் கழிந்து வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு அக்கா வந்து எங்களோடு சேர்ந்து பார்த்தால் நல்லது. அண்ணை, அந்த நேரம் உங்களுக்கு இரவு, முடிந்தால் வீடியோவில் வாங்கோ. எதை நாங்கள் திருத்துவது, எதற்கு எவ்வளவு அட்வான்சில் கழிப்பது என்று அன்றே எழுதிக்கொள்வோம். அந்த நாள் சரிவராவிட்டால் அதற்கடுத்த மூன்று நாளுக்குள் வசதியான ஒரு நேரத்தைச் சொல்லுங்கோ."

உங்கள் பக்கத்துச் சேதத்தை நீங்களே முதலில் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒளிக்கிற ஆளிடம்தான் எதிர்ப்பக்கம் துருவித் தேடும். மாற்று நாளுக்கும் எல்லை வைத்திருப்பதைக் கவனியுங்கள். "பிறகு பாப்பம்" என்ற பதிலுக்கு அதில் இடமில்லை. பொங்கலன்று யாரையும் வீடு பார்க்கக் கூப்பிட வேண்டாம். காலை நேரம் கேட்பதற்கும் காரணம் உண்டு. பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் சுவரின் மேடுபள்ளமும் ஈரமும் தெரியும். மாலையில் பல்ப் வெளிச்சத்தில் பார்த்து "எல்லாம் சரி" என்று சொன்னவர், அடுத்த நாள் பகலில் வந்து வேறு கதை சொல்லுவார்.

அந்தச் சனிக்கிழமைக்கு முதல் நீங்கள் தேட வேண்டியது, மூன்று வருடத்துக்கு முந்திய வீடு. குடிவந்தபோது இரு பகுதியும் ஒப்பமிட்ட பொருட் பட்டியல் இருந்தால் நல்லது. நம் ஊரில் அது அரிது. அப்படியானால் போனில் உள்ள பழைய படங்களைத் தேடுங்கள். வீடு பார்க்க வந்தபோது எடுத்தவை, பால் காய்ச்சிய நாள் எடுத்தவை, மகனின் முதலாவது பிறந்தநாள் படங்கள். கேக்குக்குப் பின்னால் தெரியும் சுவரும் யன்னலும்தான் இங்கே தேவை. வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த நாள் பெரும்பாலும் அழிந்துவிடும், அதனால் போனில் உள்ள மூலப் படத்தை வைத்திருங்கள். இதோடு, மூன்று வருடத்தில் "அக்கா, பைப் ஒழுகுது", "மோட்டர் சத்தம் போடுது" என்று நீங்கள் அனுப்பிய செய்திகளையும் குரல் பதிவுகளையும் தேடி எடுத்து வையுங்கள். அவற்றின் பெறுமதி கீழே தெரியும்.

பார்க்கும்போது வாசலில் தொடங்கி வலப்பக்கமாகச் சுவர் சுவராகப் போங்கள். எல்லாக் குறையையும் எழுதுங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இது எதனால் வந்தது? எவ்வளவு செலவு என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி. இந்த வரிசை மாறினால்தான் வாக்குவாதம் வருகிறது.

யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்தக் கேள்வியால் கழன்றுபோகும் குறைகள் பல. வெளிச்சுவரின் உட்பக்கத்தில், நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு பெயின்ற் பொருக்குவிட்டு வெள்ளைத் தூள் பூத்திருக்கிறதா? அது நிலத்தின் ஈரம் சுவர்வழியே ஏறி, தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் வெளியே நிற்பது. மாரிக்குப் பிறகு, அதாவது நீங்கள் பார்க்கப்போகும் இதே காலத்தில், அது ஆகக் கூடுதலாகத் தெரியும். அத்திவாரத்தில் ஈரம் தடுக்கும் படை இல்லாததோ பழுதானதோதான் காரணம். நீங்கள் என்ன செய்திருந்தாலும் அது வந்திருக்கும். விரலால் தடவினால் தூளாக உதிர்ந்து, ஒரு மட்டமான கோடு போல நீளமாக ஓடினால் அது உப்பு. சோபா முதுகு உரசியது, கை பட்டு எண்ணெய்ப் பிடித்தது எல்லாம் ஓரிடத்தில் திட்டாக இருக்கும், உதிராது. அதுபோல, ஷவர் வாயிலும் குழாய் நுனியிலும் படிந்திருக்கும் வெள்ளைக் கட்டி, நம் சுண்ணாம்புப் பாறைக் கிணற்றுத் தண்ணீரின் வேலை. பாவித்தால் வரத்தான் செய்யும். வினாகிரியில் ஊறவைத்துத் துலக்கிக் கொடுத்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அவசரத்தில் அசிட் வாங்கி பாத்ரூம் நிலத்தில் ஊற்றிவிடாதீர்கள். அது ரைல்ஸ் இடுக்குச் சீமெந்தையும் தின்று, குழாயின் மினுக்கத்தையும் கறுப்பாக்கிவிடும். தேய்மானமாகப் போயிருக்க வேண்டியது அப்போது உங்கள் கையால் செய்த சேதமாகிவிடும்.

குசினி சிங்கின் கீழுள்ள கபேட்டைத் திறந்து பாருங்கள். பலகையின் அடிப்பக்கம் ஊதிப்போயிருந்தால், அது அமுக்கப் பலகை தண்ணீர் குடித்ததன் அடையாளம். மேலே தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பைப் மூட்டு ஒழுகியதாக இருந்து, நீங்கள் அதை அறிவித்த செய்தியும் இருந்தால், அறிவித்த நாளுக்குப் பிறகு ஊதியதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஒழுகலை அறிந்தும் சொல்லாமல் கீழே ஒரு பேசினை வைத்துவிட்டு இருந்திருந்தால் பொறுப்பில் பங்கு உண்டு, அதை மறுக்க முடியாது. பழைய செய்திகளைத் தேடச் சொன்னது இதற்காகத்தான்.

மோட்டரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மோட்டரை ஒருபோதும் வாயால் "வேலை செய்யுது" என்று ஒப்படைக்க வேண்டாம். அக்கா முன்னிலையில் சுவிட்சைப் போட்டு, தாங்கிக்குள் தண்ணீர் விழும் சத்தம்வரை ஒரே வீடியோவாக எடுங்கள். முடிந்தால் தாங்கியைப் பாதிக்குக் குறைத்து வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த மாதம் மோட்டர் நின்றால், ஒப்படைத்த நாளில் இத்தனை நிமிடத்தில் நிரப்பியது என்பதற்குப் பதிவு இருக்கும். இப்போதே பழுதாக இருந்தால் எந்தப் பழுது என்று பார்க்க வேண்டும். சுவிட்ச் போட்டதும் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் அனேகமாக கப்பாசிட்டர் போயிருக்கும். அது சின்னச் சாமான், வயதானால் போகும், தேய்மானம்தான். சுற்றுகிறது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை என்றால், கிணற்றுக்குள் இருக்கும் அடிவால்வு ஒழுகுவதாகவோ பைப்பில் காற்று இழுப்பதாகவோ இருக்கலாம். கருகிய மணத்தோடு முற்றாக நின்றிருந்தால் சுருள் எரிந்திருக்கும். கோடையில் கிணறு வற்றியது தெரியாமல் தண்ணீரில்லாமல் ஓடவிட்டாலும் அது எரியும், மின் அழுத்தம் குறைந்து வந்தாலும் எரியும். முதலாவதில் பாவித்தவர் பொறுப்பு, இரண்டாவதில் இல்லை. மோட்டர் திருத்துபவர் கழற்றிப் பார்த்து, அடைப்பான் சூட்டில் உருகியிருக்கிறதா என்பதைக் கொண்டு ஓரளவு சொல்லுவார். இந்தப் பிரித்தறிதல் இல்லாமல் "மோட்டர் திருத்திய செலவு" என்று ஒரே வரியில் வந்தால் ஏற்க வேண்டியதில்லை.

இனி, நீங்களே ஒத்துக்கொண்ட இரண்டுக்கும் கணக்குப் பார்ப்போம். விலைகளை உதாரணமாகவே வைக்கிறேன், உண்மைத் தொகையை உங்கள் ஊர்ப் பெயின்ற்காரரிடமும் கடையிலும் எழுத்தில் வாங்குங்கள்.

சின்ன அறை 12 அடிக்கு 10 அடி, சுவர் உயரம் 10 அடி என்று வையுங்கள். சுற்றளவு 44 அடி, ஆகவே சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. கதவு யன்னலுக்கு 60 கழித்தால் 380. மகன் கீறியது ஒரு சுவரில்தான். ஆனால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்தால் மற்ற மூன்றும் மங்கித் தெரியும், அதனால் முழு அறையையும் கேட்பது நியாயம்தான். முழு வீட்டையும் கேட்பது நியாயமில்லை. இரண்டு பூச்சுக்கு 760 சதுர அடி. ஒரு லீற்றர் ஒரு பூச்சில் 100 சதுர அடியளவு மூடும் என்று கொண்டால் எட்டு லீற்றருக்குச் சற்றுக் குறைவு. கூலியும் சேர்த்துப் பெயின்ற்காரர் 30,000 ரூபா சொல்கிறார் என்போம். இதை முழுதாகக் கழித்தால், மூன்று வருடப் பழைய சுவருக்குப் பதிலாக வீட்டுக்காரருக்குப் புதுச் சுவர் கிடைத்துவிடும். உள்சுவர்ப் பெயின்ற் ஐந்து வருடம் தாங்கும் என்று இரு பகுதியும் ஒத்துக்கொண்டால், நீங்கள் குடிவரும்போது புதிதாக அடித்திருந்த சுவரில் மூன்று பங்கு தேய்ந்துவிட்டது, மிச்சம் இரண்டு பங்கு. 30,000இல் ஐந்தில் இரண்டு, அதாவது 12,000 ரூபா. அதுதான் உங்கள் பங்கு. அந்த ஐந்து வருடம் என்பது சட்டத்தில் எழுதியதல்ல, பேசித் தீர்க்கும் எண். அவர்கள் ஆறு என்று நின்றால் உங்கள் பங்கு 15,000 ஆகும். அந்த மூவாயிரத்துக்காக நாளைப் பழுதாக்க வேண்டாம்.

12,000 கொடுப்பதைவிட நானே அடித்துவிடுகிறேனே என்று தோன்றும். அடிக்கலாம், ஆனால் அடிக்க முதல் அதையும் குழுவில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். பழைய நிறத்தின் இலக்கம் தேவை. ஸ்ரோர் அறையில் பழைய பெயின்ற் வாளி கிடந்தால் மூடியிலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும். நிறம் ஒரு சொட்டு மாறினாலும், கீறலைப் பற்றிய பேச்சு நிறத்தைப் பற்றிய பேச்சாக மாறும். அடிக்க முதல் கிறேயன் கோடுகளின் மேல் ஒரு கறைமறைக்கும் அடிப்பூச்சு போடாவிட்டால், மெழுகின்மேல் பெயின்ற் சரியாகப் பிடிக்காது. காய்ந்த பிறகு கோடு மறுபடி எட்டிப் பார்க்கும்.

பேசினில் நான் இதற்கு மாறாகச் சொல்வேன்: நீங்கள் மாற்ற வேண்டாம், கழிக்க விடுங்கள். எந்த மாதிரிப் பேசின், என்ன விலை என்று தெரிவு செய்வது வீட்டுக்காரருடைய விருப்பம். நீங்கள் வாங்கிப் பூட்டியது பிடிக்காவிட்டால் இரண்டு பேருக்கும் நட்டம். பழையதைப் போன்ற நடுத்தரப் பேசின் பூட்டுகூலியோடு 18,000 ரூபா என்றும், பழைய பேசினுக்குப் பத்து வருடம் என்றும் வையுங்கள். நன்றாகப் பாவித்தால் பதினைந்து வருடம் இருந்திருக்கும் என்று ஒத்துக்கொண்டால் மிச்சம் மூன்றில் ஒரு பங்கு, 6,000 ரூபா. சேர்த்துக் கழிவு 18,000.

சேர்ந்து பார்க்கும் அந்தச் சனிக்கிழமை கபேட்டும் கட்டிலும் இடத்திலேயே நிற்கும், அவற்றின் பின்னால் சுவர் எப்படி என்று யாருக்கும் தெரியாது. முன்கூட்டிப் பார்ப்பதன் பலவீனமே இதுதான், பிறகு புதுச் சேதம் முளைப்பதும் இந்த ஓட்டையால்தான். ஆகவே எழுதும் தாளில் அதை வெளிப்படையாகச் சேர்த்துவிடுங்கள். மறைந்திருந்த இடங்கள் எவை என்று பெயர் சொல்லி எழுதி, கடைசி நாள் அவற்றை மட்டும் பார்ப்பதாக ஒத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் சேர்க்கப்படாது. இடையில், அல்லது சாமான் ஏற்றும்போது வந்த புதுச் சேதம் மட்டும் விலக்கு. அந்த விலக்கை நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் மற்றப் பக்கம் நம்பிக்கையோடு ஒப்பமிடும். சாமான் ஏற்றும் லான்ட்மாஸ்ரர் கேற்றில் இடித்தால் அது உங்கள் கணக்குத்தான்.

தாள் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மேலே திகதி, வீட்டு விலாசம், இருந்தவர்கள் யார் என்பது. பிறகு ஒவ்வொரு குறையும் ஒரு வரி: எங்கே, என்ன, யார் பொறுப்பு, திருத்துவதா கழிப்பதா, எவ்வளவு. தேய்மானம் என்று ஒத்துக்கொண்டவற்றையும் "தேய்மானம், கழிவில்லை" என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டவைதான் பிறகு "அப்ப நாங்கள் கவனிக்கேல்லை" என்று திரும்பி வரும். அடியில் இப்படி ஒரு பந்தி:

"மேற்படி குறைகளுக்காக மொத்தம் 18,000 ரூபா அட்வான்சில் கழிக்க இரு பகுதியும் ஒத்துக்கொள்கிறோம். பெரிய அறைக் கபேட் பின்பக்கம், கட்டில் தலைப்பக்கம், பிரிஜ் பின்பக்கம் ஆகியவை ஒப்படைக்கும் நாளில் பார்க்கப்படும். இன்றைக்குப் பிறகு புதிதாக ஏற்படும் சேதம் தவிர வேறு கழிவு இல்லை. கடைசி மின் கட்டணத்துக்காக 5,000 ரூபா நிறுத்திவைத்து, மிகுதி 157,000 ரூபாவை வீடு ஒப்படைக்கும் நாளில் வாடகைதாரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புவது."

நீங்களும் அக்காவும் ஒப்பமிட்டு, தாளின் படத்தை உடனே குழுவில் போட்டு, அண்ணையிடம் "சம்மதம்" என்று எழுத்தில் ஒரு வார்த்தை வாங்குங்கள். கட்டைவிரல் படம் போதாது, "பார்த்தேன் என்றுதான் போட்டனான்" என்று சொல்ல அது இடம் தரும். அக்காவிடம் அற்றோணித் தத்துவம் இருந்தால் அவவின் ஒப்பமே போதும். ஆனால் அதில் பணம் தீர்க்கும் அதிகாரமும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், வழக்குக்கு மட்டும் எழுதிய தத்துவங்களும் உண்டு.

மின் கட்டணத்துக்கு ஏன் நிறுத்திவைப்பது? கடைசி நாள் மீற்றர் வாசிப்பைப் படம் எடுத்தாலும், பில் வரும் திகதி வேறு. அதற்குள் புதுக் குடும்பம் பாவித்த யூனிட்டும் அதே பில்லில் சேர்ந்துவிடும். நம் கட்டணம் யூனிட் கூடக்கூட விலை ஏறும் படிமுறை, அதனால் அவர்கள் பாவித்தது உங்கள் பங்கையும் மேல்படிக்கு இழுக்கலாம். மொத்தப் பில்லை யூனிட் விகிதத்தில் பிரிப்பது என்று முன்னரே சொல்லிவைத்தால் கணக்கு லேசு. படத்தில் வாசிப்போடு மீற்றர் இலக்கமும் தெரிய வேண்டும்.

பணம் பற்றி இன்னொன்று. "கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்சில் கழியுங்கோ" என்று சொல்லிவிட்டு வாடகையை நிறுத்துபவர்கள் பலர். வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அப்படிச் செய்யாதீர்கள். அந்த நிமிடத்தோடு நீங்கள் வாடகை பாக்கி வைத்தவர் ஆகிவிடுவீர்கள், சேர்ந்து பார்க்கக் கேட்கும் உங்கள் செய்திக்குப் பெறுமதி போய்விடும். புது ஆள் தரும் அட்வான்சிலிருந்துதான் பழைய ஆளுக்குக் கொடுப்பது நம் ஊர் நடைமுறை. அண்ணையும் அப்படி நினைத்திருந்தால், திகதியை இப்போதே கேளுங்கள். "ஆள் வந்ததும்" என்பதை ஏற்காமல், 15 நாளோ 30 நாளோ, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் என்று எழுதுவியுங்கள்.

அவர்கள் வராமலே விட்டால்? இரண்டாம் முறை அதே குழுவில், அடுத்த திகதியோடு கேளுங்கள். அதற்கும் வராவிட்டால், அண்டை வீட்டார் ஒருவரையும் ஒரு மேசனையும் வைத்துக்கொண்டு நீங்களே பார்த்து, அதே தாளை எழுதி, அவர்கள் இருவரும் சாட்சியாக ஒப்பமிட, அறை அறையாக எடுத்த வீடியோவோடு குழுவில் போடுங்கள். "ஏழு நாளுக்குள் மாறுபாடு இருந்தால் சொல்லுங்கோ, நாங்கள் இருக்கும்போதே வந்து பார்க்கலாம்" என்று சேர்த்துவிடுங்கள். பதில் இல்லாதது சம்மதம் ஆகாது. ஆனால் பிறகு மத்தியஸ்த சபைக்குப் போனால், இரண்டு முறை கூப்பிட்டும் வராதவர் யார் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியவரும். உங்கள் தொகை அளவிலான பிணக்கு நீதிமன்றத்துக்குப் போக முதல் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும், அங்கே சட்டத்தரணி வந்து உங்களுக்காகப் பேச முடியாது. ஆகவே உங்கள் தாளும் படங்களும்தான் பேச வேண்டும். எதிர்ப்பகுதி கனடாவில் இருந்தால் அந்த வழி இழுபடும் என்பதும் உண்மை. முன்கூட்டிப் பார்க்க இவ்வளவு மினைக்கெடச் சொல்வது அதனால்தான்.

திறப்பை ஒப்படைக்காமல் பிடித்து வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். திறப்பு உங்களிடம் இருக்கும்வரை வீடும் உங்களிடம் இருப்பதாகச் சொல்லி, அந்த நாட்களுக்கும் வாடகை கேட்பார்கள். 31ஆம் திகதி வெறும் வீட்டில், தாளில் எழுதிய அந்த மூன்று சுவரையும் பார்த்து, மீற்றரைப் படம் எடுத்து, திறப்புகளை எண்ணிக் கொடுங்கள். முன்கதவு இரண்டு, கேற் ஒன்று, குசினிக் கதவு ஒன்று, மோட்டர் கொட்டில் ஒன்று என்று தாளின் பின்பக்கத்தில் எழுதி, அக்காவிடம் "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு ஒப்பம் வாங்குங்கள்.